முட்டை இல்லாத கேக்கா, முட்டை சேர்க்காத கேக்கா?

வீட்டுல கேக் செஞ்சு விக்கிறவங்க பண்டிகைக்குப் போடுற அறிவிப்புகளைப் படிச்சிருக்கீங்களா மக்களே? நவம்பர் பொறந்தா போதும், வாட்ஸப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் எங்க பார்த்தாலும் இதுதான். "100% பியூர் எக்லெஸ்! வாயில் வைத்தால் கரையும்! மேட் வித் லவ்! விலைக்கு இன்பாக்ஸ் வரவும்!" கூடவே எட்டு இதயம், நாலு கிறிஸ்துமஸ் மரம்.

என் கருத்து என்னன்னா, இந்த மாதிரி அறிவிப்புல சூடும் இல்லை, சொரணையும் இல்லை. அன்பா இருக்கணும்னு நினைச்சுத்தான் எழுதுறாங்க, அதுல சந்தேகமே இல்லை. ஆனா படிக்கிறவன் மனசுல ஓடுற கேள்வி ஒண்ணுக்குக்கூட அதுல பதில் கிடையாது. அன்புங்கிறது இதயப் படத்துல இல்லை, அவன் கேட்கக் கூச்சப்படுற கேள்விக்கு நாமளே முந்திக்கிட்டு பதில் சொல்றதுலதான் இருக்குன்னு நான் நினைக்கிறேன். பொட்டி தட்டுறவனுக்கு கேக் வியாபாரத்துல என்ன வேலைன்னு கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா திருச்சியில எங்க எதிர்வீட்டு அக்காவுக்கு போன டிசம்பர்ல இந்த அறிவிப்பை எழுதிக் கொடுத்தது அடியேன்தான். அதுக்காக ரெண்டு சாயங்காலம் அவங்க சமையலறையில உட்கார்ந்து கேள்வியா கேட்டுத் தொலைச்சேன். கேக் ஓரத்தை வெட்டிக் கொடுத்தே என்னை சமாளிச்சாங்க, பாவம் :-)

முதல்ல டிசம்பர் கணக்கைச் சொல்லிடுறேன். கார்த்திகை 1-ம் தேதி நவம்பர் நடுவுல வரும். அன்னைக்கு ஐயப்பனுக்கு மாலை போடுறவங்களுக்கு மண்டலம் 41 நாள். அப்ப டிசம்பர் 25 எப்பவுமே விரதத்துக்குள்ளதான் விழும். அதுக்கு முன்னாடியே மார்கழியும் பொறந்துடும். அதாவது, நம்ம ஊருல கிறிஸ்தவ வீட்டிலிருந்து தெரு முழுக்க கேக் போற அதே வாரத்துல, தெருவுல பாதிப் பேர் முட்டையைத் தொடாம இருப்பாங்க. அக்கா வீட்டுல எக்லெஸ் பிளம் கேக் ஆரம்பிச்சதே இதனாலதான். மூணு வருஷம் முன்னாடி பக்கத்து வீட்டு சாமி ஒருத்தர், கொடுத்த கேக்கை மறுக்கவும் முடியாம சாப்பிடவும் முடியாம கையில வச்சுக்கிட்டு நின்னாராம். அதைப் பார்த்துட்டு அடுத்த வாரமே முட்டை இல்லாம ஒண்ணு செஞ்சு கொண்டு போய்க் கொடுத்திருக்காங்க. அப்புறம் அவர் ஆபீஸ்ல கேட்டாங்க, அப்புறம் அவர் தங்கச்சி கேட்டாங்க, இப்படியே அது ஒரு வியாபாரமாயிடுச்சு.

அக்கா எழுதி வச்சிருந்த அறிவிப்பு மேல சொன்ன ரகம்தான். "100% பியூர் எக்லெஸ் பிளம் கேக், அனைவருக்கும் ஏற்றது."

"அக்கா, அனைவருக்கும்னா யார் யாருக்கு?"

"எல்லாருக்கும்தான் தம்பி. முட்டைதான் போடலையே."

இங்கதான் விஷயமே இருக்கு. "எக்லெஸ்"ங்கிற ஒரே வார்த்தையை மூணு விதமான ஆளுங்க மூணு விதமாப் படிக்கிறாங்க. மாலை போட்ட சாமி படிக்கும்போது அது விரதம் பற்றிய வாக்குறுதி. அவருக்கு முட்டை மட்டும் பிரச்சினை இல்லை. பிளம் கேக்னா பழத்தை ரம்முல ஊற வைப்பாங்களே, அதுவும் பிரச்சினை. "எக்லெஸ்"னு கொட்டை எழுத்துல போட்டுட்டு உள்ள ரம் ஊறின திராட்சை இருந்தா, சொன்ன வார்த்தை பொய்யில்லை. ஆனா அவர் ஏமாந்தது நிஜம். ரெண்டாவது, பாலும் வெண்ணெயும்கூட சாப்பிடாத வீகன் ஆளு. எக்லெஸ்னா வீகன்னு நினைச்சுக்கிட்டு வாங்குறவங்க நிறைய பேர். நம்ம ஊர் எக்லெஸ் கேக்குல முட்டைக்குப் பதிலா இருக்கிறதே பெரும்பாலும் பால்தான். கண்டென்ஸ்டு மில்க், இல்லேன்னா தயிர்.

மூணாவது ஆளுதான் முக்கியம். முட்டை அலர்ஜி இருக்கிற குழந்தையோட அம்மா. மத்த ரெண்டு பேருக்கும் தப்பா போனா மனசு கஷ்டப்படும். இவங்களுக்குத் தப்பா போனா குழந்தைக்கு மூச்சு இழுக்கும். உடம்பெல்லாம் தடிக்கலாம், சில குழந்தைங்களுக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடுற அளவுக்கும் போகலாம். அதுக்கு ஒரு முழு முட்டை தேவையில்லை. பீட்டர் இடுக்குல ஒட்டியிருக்கிற கொஞ்சம் மாவே சில பேருக்குப் போதும்.

அக்கா முட்டை கேக்கும் செய்றாங்க, ரம் போட்டதும் செய்றாங்க. பழைய வாடிக்கைக்காரங்களுக்கு அதுதான் கிறிஸ்துமஸ். வீட்டுல ஒரே ஒரு ஓவன், 28 லிட்டர். ரம் கேக் சுட்ட பிறகு ரெண்டு மூணு வாரம் இருந்தா ருசி ஏறும்னு அதை முதல்ல செஞ்சு முடிச்சிடுவாங்க. எக்லெஸ் அவ்வளவு நாள் தாங்காதுங்கிறதால அது கடைசி. ஆக, வரிசைப்படி முட்டை கேக் வெந்த அதே ஓவனுக்குள்ளதான் எக்லெஸ் போகும். அலர்ஜிக் கண்ணோட பார்த்தா வரிசை தலைகீழா இருக்கணும். ஆனா கேக்கோட குணம் இந்த வரிசையைத்தான் கேட்குது. இதுக்கு சுலபமான தீர்வு கிடையாது. ஒண்ணு ரெண்டாவது ஓவன் வாங்கணும், இல்ல உள்ளதை உள்ளபடி சொல்லணும்.

இதை யோசிக்கும்போதுதான் நம்ம மொழியிலேயே ஒரு நல்ல வித்தியாசம் இருக்கிறது தெரிஞ்சுது. "முட்டை இல்லாத கேக்"னு சொன்னா அது பொருளைப் பற்றிய பேச்சு. அதுக்குள்ள முட்டை துளிகூட இல்லைன்னு அர்த்தம். "முட்டை சேர்க்காத கேக்"னு சொன்னா அது செஞ்சவங்களோட செயலைப் பற்றிய பேச்சு. நான் போடலை, அவ்வளவுதான். வீட்டுல ரெண்டு வகையும் செய்றவங்க நெஞ்சுல கை வச்சு சொல்லக்கூடியது ரெண்டாவதை மட்டும்தான். "எக்லெஸ்"ங்கிற இங்கிலீஷ் வார்த்தை இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிடுது. ஆளுங்க தேடுறதுக்காக அந்த வார்த்தை இருக்கட்டும், தப்பில்லை. ஆனா வாக்குறுதி "சேர்க்காத"ங்கிற வார்த்தையிலதான் இருக்கணும். "100%" எடுத்துட்டேன். "பியூர்" எடுத்துட்டேன். "அனைவருக்கும் ஏற்றது" வரியை அக்கா கையாலேயே அடிக்க வச்சேன். ஹி ஹி.

அலர்ஜி பற்றி ஒரு வரி போடணும்னு சொன்னதும் அக்கா தயங்கினாங்க. அவங்க பொண்ணு காலேஜ்ல மார்க்கெட்டிங் படிக்கிறா. "அண்ணா, நெகட்டிவ் வரி போட்டா ஆர்டர் குறையும்"னு ஒரே போடா போட்டா. நான் திருப்பிக் கேட்டது இதுதான். அலர்ஜி இருக்கிற வீட்டுல ஆர்டர் குறையணுமா, வேண்டாமா? குறையணும்! அந்த வரியோட வேலையே அதுதான். அலர்ஜி இல்லாத வீட்டுக்காரங்க அதைப் படிச்சா பயப்பட மாட்டாங்க. இந்தம்மா இவ்வளவு யோசிக்கிறாங்களேன்னுதான் நினைப்பாங்க. இது என் ஊகம்தான், கணக்கெடுத்துப் பார்க்கலை. ஆனா கடையில விக்கிற பிஸ்கட் பாக்கெட்டையே திருப்பிப் பாருங்க. நம்ம நாட்டு லேபிள் விதிப்படி கோதுமை, பால், முட்டை, கொட்டை வகைகள் எல்லாம் அலர்ஜி வரக்கூடியவைன்னு தனியா சொல்லியாகணும். முட்டை சேர்த்தா பச்சைப் புள்ளி கிடையாது, அசைவக் குறிதான். அட்டைப் பெட்டியில பெரிய கம்பெனி சொல்றதை, ஸ்டேட்டஸ்ல அக்கா ஏன் சொல்லக்கூடாது?

சொல்றதோட நிக்காம, செய்யக்கூடியதையும் பேசினோம். எக்லெஸ்ஸுக்குன்னு தனி டின், தனி சிலிக்கான் கரண்டி, தனி பீட்டர் கம்பி. இதெல்லாம் வாங்கினா பெரிய செலவில்லை. பீட்டர் கம்பி சொருகுற ஓட்டைதான் கண்ணுக்குத் தெரியாத வில்லன், மாவு தெறிச்சு அங்க போய்க் காயும். பழைய பீட்டரை முட்டை கேக்குக்கே விட்டுட்டு, எக்லெஸ்ஸை கையால விஸ்க் வச்சுக் கலக்குறதுன்னு முடிவாச்சு. எக்லெஸ் மாவை நிறைய அடிக்கவும் கூடாது, அடிச்சா மைதா இழுவை பிடிச்சு கேக் ரப்பராயிடும். அதனால கையால கலக்குறது அதுக்கும் நல்லதுதான். அக்கா சொன்ன இன்னொரு விஷயம் எனக்குப் புதுசு. முட்டை பட்ட பாத்திரத்தை எடுத்த எடுப்புல வெந்நீர்ல போட்டா முட்டை வெந்து ஒட்டிக்குமாம். முதல்ல பச்சைத் தண்ணியில அலசிட்டு, அப்புறம்தான் வெந்நீரும் சோப்பும். யோசிச்சுப் பார்த்தா ஆஃப் பாயிலுக்கும் அதே தத்துவம்தானே!

இவ்வளவு செஞ்சாலும் ஓவன் ஒண்ணுதான். அதனால அலர்ஜி வரி அப்படியே இருக்கும்னு உறுதியா சொல்லிட்டேன்.

அடுத்து "வாயில் வைத்தால் கரையும்", "பஞ்சு போன்ற". இது எனக்கு ஆகவே ஆகாது. முட்டை கேக்குல முட்டை செய்ற வேலை என்னன்னா, சூட்டுல அதோட புரதம் இறுகி, கேக்குக்கு எலும்புக்கூடு மாதிரி நிக்கும். அடிச்ச முட்டை காத்தையும் பிடிச்சு வச்சுக்கும். அதை எடுத்துட்டா, தாங்கிப் பிடிக்க மைதாவும் பாலும்தான் மிச்சம். கேக் கொஞ்சம் கனமா, ஈரமா வரும், வெட்டும்போது உதிரும். பழம் அதிகமானா இன்னும் உதிரும். அக்கா அரைக் கிலோ கேக்குக்குப் போடுற அளவு இது: மைதா 125 கிராம், கண்டென்ஸ்டு மில்க் 200 கிராம் (400 கிராம் டின்ல பாதி), வெண்ணெய் 60 கிராம், ஊறின பழமும் முந்திரியும் சேர்த்து 125 கிராம், ஆரஞ்சு ஜூஸ் 75 மில்லி. கூட கொஞ்சம் பேக்கிங் பவுடர், சோடா, பட்டை கிராம்புப் பொடி. மொத்தமா 585 கிராம் போல உள்ள போகும். வேகும்போது தண்ணி ஆவியாகி வெளிய வரும்போது 520 பக்கம் நிக்கும். ஒரு தடவை கடையில பார்த்த மாதிரி பழத்தை 200 கிராம் ஆக்கிப் பார்த்தாங்களாம். வெட்டினா கேக் இல்லை, உப்புமாதான் வந்துச்சாம்.

சோடா கூடிட்டா என்ன ஆகும்னும் கேட்டேன். கேக் ரொம்பக் கருக்கும், நாக்குல சோப்பு மாதிரி ஒரு ருசி நிக்கும், நடுவுல உப்பி அப்புறம் பள்ளமாயிடும். எக்லெஸ்ல உப்ப வைக்க முட்டை இல்லைங்கிறதால சிலபேர் சோடாவை அள்ளிப் போட்டு இதுல மாட்டிக்கிறாங்க.

இவ்வளவும் தெரிஞ்ச ஒருத்தங்க ஏன் "பஞ்சு போல"ன்னு எழுதணும்? பஞ்சை எதிர்பார்த்து வாங்குறவன் முதல் துண்டுலயே ஏமாறுவான். "கனமா, ஈரமா இருக்கும்"னு எழுதினா அதை விரும்புறவன் வாங்குவான். கூடவே, வெட்டுறதுக்கு முன்னாடி அரை மணி ஃபிரிட்ஜ்ல வைங்கன்னு ஒரு வரி. வெண்ணெய் இறுகும், கேக் உதிராது. என்னைக் கேட்டா இந்த வரிதான் அறிவிப்பிலேயே அன்பான வரி. வாங்கிட்டுப் போனவன் வீட்டுல கத்தியும் கையுமா நிக்கிற நேரத்தை யோசிச்சு எழுதினது அது.

அப்புறம் "இரண்டு மாதம் ஊறிய பழங்கள்". இது ரம் கேக் அறிவிப்புலேர்ந்து சுட்ட வரி, கேக்கை சுட்ட மாதிரியே :-) ரம்முல ரெண்டு மாசம் என்ன, ஒரு வருஷம்கூட ஊற வைக்கலாம், ஆல்கஹால் கெட விடாது. ஆரஞ்சு ஜூஸ்ல அது நடக்காது. அக்கா ஃபிரிட்ஜ்ல ஒரு ராத்திரி, மிஞ்சிப் போனா ரெண்டு ராத்திரி வைக்கிறாங்க. வெளிய மறந்து வச்சுட்டா மேல நுரை கட்டி, புளிச்ச வாசனை வரும். அதாவது புளிச்சு சாராயமாகுற வழியில இருக்குன்னு அர்த்தம். சாமிக்காக ரம்மைத் தவிர்த்துட்டு ஜாடிக்குள்ளேயே காய்ச்சின மாதிரி ஆயிடும்! இன்னொண்ணு, வெனிலா எசன்ஸ் பாட்டிலையும் திருப்பிப் படிக்கச் சொன்னேன். சிலதுல ஆல்கஹால் இருக்கும். அக்கா வச்சிருந்த பாட்டில்ல இல்லை, தப்பிச்சோம்.

இப்ப எண்ணிக்கைக்கு வரேன். "ஆர்டர்கள் வரவேற்கப்படுகின்றன"ன்னு மட்டும் போட்டா என்ன நடக்கும்? 23-ம் தேதி ராத்திரி பத்து மணிக்கு "அக்கா, நாளைக்கு 6 கேக்"னு போன் வரும். முடியாதுன்னு சொன்னா வருத்தம், முடியும்னு சொன்னா அக்காவுக்குத் தூக்கம் போச்சு. அதனால நம்ம தொழில் புத்தியைக் கொஞ்சம் காட்டினேன். அந்த ஓவன்ல 6 இன்ச் டின் ரெண்டுதான் ஒரு தடவைக்கு. 160 டிகிரியில 50 நிமிஷம் வேகணும், எடுத்து வச்சு அடுத்தது ஏத்த 20 நிமிஷம். ஆக ஒரு சுற்று 70 நிமிஷம். மாவை முன்கூட்டியே மொத்தமா கலந்து வரிசையில வைக்கவும் முடியாது. ஈரம் பட்ட உடனே சோடாவும் பேக்கிங் பவுடரும் வேலையை ஆரம்பிச்சிடும். காத்திருக்கிற மாவுலேர்ந்து காத்தெல்லாம் போயிடும், கேக் சப்பையா வரும். சுற்றுக்கு சுற்று புதுசா கலக்கணும். காலையில பத்து மணிலேர்ந்து பசங்க வர்ற வரைக்கும் 4 சுற்று போடலாம். நாளைக்கு 8 கேக்.

முட்டை கேக் டிசம்பர் 12-ல முடியும். 13, 14 ரெண்டு நாளும் ஓவனைக் குளிர வச்சு, தட்டு கம்பியெல்லாம் கழட்டிக் கழுவி, உள்பக்கம் துடைக்க. 15-லேர்ந்து 20 வரைக்கும் எக்லெஸ். 6 நாள், 48 கேக். ஒரு மூணு சரியா வராமப் போகலாம், இன்னும் மூணு தெருவுல சும்மா கொடுக்கிறதுக்கு. மிச்சம் 42. (டக்ளஸ் ஆடம்ஸ் ரசிகர்கள் அமைதி காக்கவும்.) வெளிய வச்சா நாலஞ்சு நாள்தான் நல்லா இருக்கும்னு அக்கா சொன்னதால, சுட்ட மறுநாளே கொடுத்துடணும்னு முடிவு. ஆக 16-லேர்ந்து 21 வரைக்கும் வந்து வாங்கிக்கணும். 25-ம் தேதி வெட்டணும்னு நினைக்கிறவங்களுக்குக் கடைசி ரெண்டு நாள், ஃபிரிட்ஜ்ல வச்சுக்கணும்.

"42 மட்டும்"னு போடுறதை வியாபார தந்திரம்னு சிலபேர் நினைப்பாங்க. "கடைசி சில மட்டுமே!"ன்னு கத்துற ஆன்லைன் கடைங்க அப்படிக் கெடுத்து வச்சிருக்காங்க. ஆனா இது உண்மையான எண், ஓவன் சொன்ன எண். ஏன் 42-ன்னு ஒரே ஒரு வரியில சொல்லிட்டா, அதுவே படிக்கிறதுக்கு நல்லா இருக்கும்.

விலை. "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்"னு போடுறவங்க மேல எனக்குக் கொலைவெறி உண்டு. கேட்டுட்டு வாங்காமப் போகக் கூச்சப்பட்டே பாதிப் பேர் கேட்க மாட்டாங்க. அரைக் கிலோ 400 ரூபாய்னு போட்டாச்சு, கதை முடிஞ்சுது. உணவுப் பதிவு எண்ணையும் கடைசியில போடச் சொன்னேன். வீட்டுல செஞ்சு விக்கிறவங்களுக்கும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு உண்டு, 14 இலக்க எண். அக்கா எடுத்து பீரோக்குள்ள பத்திரமா வச்சிருந்தாங்க!

கடைசியா எழுதினது இது. எண்ணை மட்டும் இங்க விட்டுட்டேன்.

"மூணு வருஷம் முன்னாடி எங்க தெருவுல மாலை போட்ட சாமி ஒருத்தருக்காக செஞ்ச கேக் இது. முட்டையும் ரம்மும் சேர்க்காத எக்லெஸ் பிளம் கேக். இந்த கிறிஸ்துமஸுக்கு 42 செய்கிறேன்.

ஆரஞ்சு ஜூஸில் ஒரு ராத்திரி ஊறின திராட்சை, செர்ரி, டூட்டி ஃப்ரூட்டி, முந்திரி. முட்டைக்குப் பதில் கண்டென்ஸ்டு மில்க். பஞ்சு மாதிரி இருக்காது, கனமா, ஈரமா இருக்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டுங்க, உதிராது.

அரைக் கிலோ 400 ரூபாய். ஒரு நாளைக்கு 8 கேக்தான் என் ஓவனில் முடியும். அதனால் டிசம்பர் 12-க்குள் சொல்லிடுங்க. 16 முதல் 21 வரை வீட்டில் வந்து வாங்கிக்கலாம்.

டின்னும் கரண்டியும் இதுக்குன்னு தனி. ஓவன் ஒன்றுதான், 12-ம் தேதி வரை அதில் முட்டை கேக் செய்கிறேன், கழுவித் துடைத்த பிறகுதான் இது. விரதத்தில் இருக்கிறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவு பண்ணுங்க. முட்டை அலர்ஜி இருக்கிறவங்களுக்கு தயவுசெய்து வாங்காதீங்க. இதில் மைதா, பால், வெண்ணெய், முந்திரி உண்டு."

முதல் வரியை "மாலை போட்டவங்க தைரியமா சாப்பிடலாம்"னு வைக்கத்தான் அக்காவுக்கு ஆசை. நான் ஒத்துக்கலை. தைரியமா சாப்பிடலாமா இல்லையாங்கிறது அந்த சாமி முடிவு பண்ண வேண்டியது. ஓவன் ஒண்ணுன்னா சில வீட்டுல சரின்னுவாங்க, சில வீட்டுல வேண்டாம்பாங்க. ரெண்டும் அவங்க உரிமை. நாம உள்ளதைச் சொல்லிட்டு நகர்ந்துக்கலாம். அதே சமயம் அந்த சாமி கதையை முதல் வரியில வச்சதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இன்ஸ்டாகிராம்ல முதல் ரெண்டு வரிதான் கண்ணுல படும், மிச்சம் மடங்கிக்கும். அந்த ரெண்டு வரிக்குள்ள யாருக்கான கேக், என்ன சேர்க்கலைங்கிற ரெண்டும் வந்துடணும்.

அலர்ஜி வரி கடைசியில போயிடுச்சேன்னு நீங்க கேட்கலாம். அது எனக்கும் உறுத்திச்சு. அதனால கேக் டப்பா மேல ஒட்டுற சீட்டுல அந்த வரிதான் முதல் வரி. ஸ்டேட்டஸ் படிக்காம, யாரோ கொடுத்து வாங்கிச் சாப்பிடுறவங்கதான் பண்டிகையில அதிகம். அவங்க கைக்கு வந்து சேர்றது அந்த டப்பா மட்டும்தானே.

ஆர்டர் எப்படிப் போச்சுன்னு கேட்பீங்க. 10-ம் தேதியே 42-ம் முடிஞ்சுது. முந்தின வருஷம் எத்தனைன்னு அக்கா எழுதி வைக்காததால இதுல என் பங்கு எவ்வளவுன்னு நிரூபிக்க வழியில்லை, அவ்வ்வ்வ். ஒரு அம்மா போன் பண்ணி, அவங்க பையனுக்கு முட்டை அலர்ஜி, வரியைப் படிச்சேன், இருந்தாலும் வேற வழி இருக்கான்னு கேட்டாங்களாம். அக்கா கேக் தர முடியாதுன்னு சொல்லிட்டு, அளவையும் செய்முறையையும் போன்லயே முழுசா சொல்லிக் கொடுத்துட்டாங்க. முட்டையே வராத அவங்க வீட்டு அடுப்புல, குக்கர்ல உப்பு பரப்பி சுட்டாங்களாம். ஓரம் கொஞ்சம் கருகினாலும் பையன் பாதி கேக்கை ஒரே மூச்சுல முடிச்சுட்டானாம்.

42 முடிஞ்ச அன்னைக்கு ராத்திரியே அறிவிப்பை எடுத்துட்டு இதைப் போட்டோம்: "42-ம் முடிஞ்சுது. பேர் கொடுத்தவங்க 16-லேர்ந்து வாங்க. அடுத்து பொங்கல் கழிச்சுத்தான் ஓவன் பத்த வைப்பேன்."